‘ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’: செருகினதா, கொரிந்துவுக்கு மட்டும் சொன்னதா?

சாயர்புரத்தாள் — ஜூன் 3, இரவு 9.40

பெண்கள் ஞாயிறு ஆராதனையில் பெண்கள் சங்கத்துக் காரியதரிசி பிரசங்கம் பண்ணலாமா என்று எங்கள் சேகரக் கமிட்டியில் பேச்சு வந்தது. ஒரு பெரியவர், சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கவேண்டும், கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டிலே புருஷரிடத்தில் விசாரிக்கவேண்டும் என்கிற 1 கொரிந்தியர் 14:34, 35 வாசித்து, கூடாது என்றார். ஒரு தம்பி எழுந்து, “அந்த ரெண்டு வசனமும் பவுல் எழுதினதே இல்ல, பிறகு யாரோ செருகினது” என்றான். கமிட்டி அத்தோடு கலைந்தது. எனக்குப் பிரசங்கம் யார் பண்ணுவது என்பதைவிட இதுதான் தெரியவேண்டும்: செருகினது என்று சொல்ல எதை வைத்துச் சொல்லுகிறார்கள்? ஊகமா, ஏட்டில் ஏதாவது இருக்கிறதா?

பழைய உபதேசி — ஜூன் 3, இரவு 10.15

செருகல் கிருகல் ஒண்ணும் இல்லம்மா. அந்தக் காலத்துச் சபையிலயும் நம்ம ஊர்க் கோயில் மாதிரி ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் இருந்திருக்காங்க. பிரசங்கம் புரியலன்னா அந்தப் பக்கத்துல இருந்து புருஷனைக் கூப்பிட்டு, “அவரு என்ன சொல்லுதாரு?”ன்னு சத்தமா கேட்டிருக்காங்க. அதான் ‘வீட்டிலே விசாரிக்கக்கடவர்கள்’னு எழுதினாரு. கொரிந்து சபையில நடந்த ஒரு இரைச்சலை அடக்கச் சொன்ன உத்தரவு. நமக்கு இல்ல.

வசனக்காவலன் — ஜூன் 4, காலை 6.05

இந்த வசனம் இல்லாத ஒரு கையெழுத்துப் பிரதியைக் காட்டுங்கள். ஒன்றுகூடக் கிடையாது. கிரேக்கத்திலும் கிடையாது, லத்தீனிலும் கிடையாது. பிடிக்காத வசனத்தை எல்லாம் செருகல் என்று தள்ளினால் கடைசியில் கையில் அட்டைதான் மிஞ்சும்.

ஏடுபார்ப்பவர் — ஜூன் 4, இரவு 8.30

காவலன் அண்ணாச்சி சொன்னது சரி. 34, 35 இல்லாத பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. 200ஆம் ஆண்டை ஒட்டியது என்று கணிக்கப்படுகிற பாப்பிரஸ் 46 என்ற கிரேக்கப் பிரதியிலேயே இந்த இரண்டு வசனமும் இப்போதுள்ள இடத்தில்தான் இருக்கிறது. செருகல் என்று பேசுகிறவர்கள் இதை முதலில் ஒத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

ஆனால் ஏட்டில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. வசனம் இருக்கிறது, இடம் மாறி இருக்கிறது. கிளரோமொன்டானுஸ் என்ற 6ஆம் நூற்றாண்டுப் பிரதியிலும், ஆகியென்சிஸ், போர்னேரியானுஸ் என்ற இரண்டு 9ஆம் நூற்றாண்டுப் பிரதிகளிலும் 33 முடிந்ததும் நேராக 36 வருகிறது. ‘சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது’ என்ற 40ஆம் வசனம் முடிந்த பிறகுதான் ‘ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்று தொடங்குகிறது. அதற்கடுத்தது 15ஆம் அதிகாரம். 4ஆம் நூற்றாண்டில் பவுலின் நிருபங்களுக்கு லத்தீனில் உரை எழுதிய, அம்புரோசியாஸ்டர் என்று அழைக்கப்படுகிறவரும் இந்த வரிசையில்தான் உரை எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகின சங்கதி. கம்பராமாயணத்தில் மிகைப்பாடல் என்று பிரித்து அச்சிட்டவர்கள் எப்படிப் பிரித்தார்கள்? ஒரு பாட்டு சில ஏட்டில் இருக்கிறது, சில ஏட்டில் இல்லை, இருக்கிற ஏடுகளிலும் இடம் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகம் வரும். ஓரத்தில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பை அடுத்து எழுதுகிறவர் விட்டுப்போன வரி என்று நினைத்து உள்ளே எடுத்துக்கொள்வார். எந்த வரிக்குப் பின் எடுப்பது என்பது அவரவர் ஊகம். ஒருவர் 33க்குப் பின் வைப்பார், இன்னொருவர் பத்தியின் கடைசியில் வைப்பார். கோர்டன் ஃபீ 1987இல் வந்த தம் உரையில் வாதிட்டது இதைத்தான். அவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர், வேதத்தை இலேசாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் கேட்ட கேள்வி: முதலிலேயே 33க்குப் பின் இருந்திருந்தால், அதைத் தூக்கி ஐந்து வசனம் தள்ளிவைக்க ஒருவருக்கு என்ன தேவை? 40க்குப் பின் இருந்திருந்தால், முன்னே கொண்டுவர என்ன தேவை? இரண்டுக்கும் நல்ல காரணம் இல்லையென்றால் ஓரக்குறிப்பு என்பதே எளிய விடை.

மூன்று பிரதிகள் தனித்தனியாக இப்படிச் சாட்சி சொல்லுகின்றன என்பது சாமானியமல்ல.

நாசரேத் அக்கா — ஜூன் 4, இரவு 9.20

அப்போ பாடகர் குழுவில பெண்கள் பாடுறது? இந்த வசனப்படி அதுவும் கூடாதுன்னு எங்க மாமனார் சொல்லுவாக. முக்காடு போட்டா பாடலாம், போடலைன்னா கூடாதுன்னும் சொல்லுவாக. நான் ஆல்டோ பாடுதேன், எனக்கு இதுக்குப் பதில் வேணும்.

ஏடுபார்ப்பவர் — ஜூன் 5, காலை 7.00

மேலே நான் எழுதியதில் ஒன்றைத் திருத்தவேண்டும். ‘மூன்று பிரதிகள் தனித்தனியாக’ என்பது தவறு. அந்த மூன்றும் கிரேக்கமும் லத்தீனும் சேர்த்து எழுதிய பிரதிகள், ஒரே வம்சம். கடைசி இரண்டும் உடன்பிறந்தவை போல. மூன்றுக்கும் மேலே ஒரே மூலப் பிரதி இருந்திருக்கவேண்டும் என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அப்படியானால் இடமாற்றம் எங்கோ ஒரு மேசையில் ஒரே ஒரு தடவை நடந்து, பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது. மூன்று சாட்சி அல்ல, ஒரு சாட்சி. ஃபீயின் வாதத்தில் பலவீனமான இடம் இதுதான். ஒரே ஒரு எழுத்தர், ‘தீர்க்கதரிசனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே பெண்களைப் பற்றி எதற்கு?’ என்று நினைத்து இரண்டு வசனத்தையும் பத்தியின் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம். அதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. வாசிக்கிற எவருக்கும் அந்த இடத்தில் ஒரு தடுக்கல் தட்டத்தான் செய்யும்.

தடுக்கல் இருக்கிறதா என்று சோதிக்கக் கிரேக்கம் தேவையில்லை. பழைய திருப்புதல் தமிழ் வேதாகமத்தை எடுத்து 29 முதல் 33 வரை வாசியுங்கள். 34, 35 மேல் விரலை வைத்து மறைத்துவிட்டு 36, 37ஐத் தொடருங்கள். தீர்க்கதரிசிகள், அவர்கள் ஆவி, கலகத்திற்குத் தேவன் அல்ல, ‘தேவவசனம் உங்களிடத்திலிருந்தா புறப்பட்டது?’, ‘ஒருவன் தன்னைத் தீர்க்கதரிசியென்று’ எண்ணினால்... ஒரே இழையாக ஓடும். பிறகு விரலை எடுத்து வாசியுங்கள். இது செருகலை நிரூபிக்காது. பேச்சுக்கு நடுவே பவுல் கிளைவிட்டுப் போகிறவர்தான். ஆனால் இடம் மாற்றிய எழுத்தருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது விளங்கும்.

நாசரேத் அக்கா, பாட்டைப் பற்றி இந்த வசனம் ஒன்றும் சொல்லவில்லை. அதே அதிகாரம் 26ஆம் வசனத்தில் கூடிவருகிறவர்கள் ஒவ்வொருவனும் சங்கீதம் கொண்டுவருகிறதைச் சொல்லுகிறது. அங்கே ஆண், பெண் பிரிவு இல்லை. முக்காடு வருவது 11ஆம் அதிகாரத்தில். நீங்கள் அதைத் தொட்டது நல்லதாகப்போயிற்று, இந்தத் தகராறின் வேரே அங்கேதான் இருக்கிறது. 11:5 ‘ஜெபம்பண்ணுகிறபோதாவது, தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறபோதாவது’ பெண் தலையை மூடவேண்டும் என்கிறது. வாயைத் திறக்கிறவளுக்குத்தான் தலையை மூடும் விதி. மூன்று அதிகாரம் தள்ளி, பேசவே உத்தரவில்லை என்று அதே கை எழுதுமா?

வசனக்காவலன் — ஜூன் 5, மதியம் 1.10

11ஆம் அதிகாரம் வீட்டு ஜெபம். 14ஆம் அதிகாரம் சபை. முரண்பாடு எங்கே?

ஏடுபார்ப்பவர் — ஜூன் 5, இரவு 8.45

அப்படி ஒரு பழைய விளக்கம் உண்டு, அண்ணாச்சி. ஆனால் 11:16 ‘தேவனுடைய சபைகளுக்கும்’ அப்படிப்பட்ட வழக்கம் இல்லை என்று முடிகிறது. அடுத்த வசனம் ‘கூடிவருதலை’ப் பற்றியது. தீர்க்கதரிசனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதல்ல என்று 14ஆம் அதிகாரமே தொடக்கத்தில் சொல்லுகிறது. அது சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்குவதற்கு. கேட்க ஆள் இல்லாத வீட்டுத் தீர்க்கதரிசனம் பொருந்தவில்லை.

உங்கள் பக்கத்துக்கு ஒரு நல்ல சாட்சி தருகிறேன். தெர்த்துல்லியன், 200ஐ ஒட்டி ஆப்பிரிக்காவில் இருந்தவர். கள்ளப்போதகர் என்று சபை தள்ளிய மார்சியோனை எதிர்த்து எழுதிய ஐந்தாம் புத்தகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்: பெண்கள் சபையில் மௌனமாயிருக்க அப்போஸ்தலர் கட்டளையிடுகிறார், ஆனால் முக்காடு போட்டுத் தீர்க்கதரிசனம் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று முன்னமே காட்டிவிட்டார் என்கிறார். முரண்பாடு அவர் கண்ணில் படவில்லை. அவர் அந்தப் புத்தகத்தில் வாதிடுவது மார்சியோன் கையில் வைத்திருந்த நிருபங்களை வைத்தே. ஆகையால் மார்சியோனின் பிரதியிலும் இந்த வசனம் இருந்திருக்கவேண்டும் என்று சிலர் ஊகிக்கிறார்கள். மார்சியோன் 140களில் ரோமில் இருந்தவர். செருகல் என்றால் அதற்கும் முந்தியே செருகியிருக்கவேண்டும், பவுலின் நிருபங்களை ஒன்றாகக் கட்டித் தொகுத்த காலத்தில். செருகல் கட்சிக்காரர்களும் இப்போது அந்தக் காலத்தைத்தான் சொல்லுகிறார்கள். நாலைந்து நூற்றாண்டு கழித்து யாரோ பிஷப் நுழைத்தார் என்று கமிட்டியில் சொன்னால் அது நிற்காது.

தென்காசித் தம்பி — ஜூன் 6, காலை 11.30

சாயர்புரத்து அக்கா, கமிட்டியில் சொன்னது நான் இல்லை, ஆனால் நானும் அப்படித்தான் நம்புகிறேன். வத்திக்கான் பிரதி என்ற பழைய கிரேக்கப் பிரதியில் அந்த இடத்தில் ஓரத்தில் இரண்டு புள்ளி வைத்து, கோடும் போட்டிருக்கிறது. ‘இங்கே சேர்த்திருக்கிறார்கள்’ என்று 4ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்துவிட்டார்கள். ஃபிலிப் பெய்ன் என்பவர் படத்தோடு காட்டியிருக்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஏடுபார்ப்பவர் — ஜூன் 6, இரவு 9.50

தம்பி, புள்ளிகள் இருப்பது உண்மை. அவை சொல்லுகிறதாக நீ சொல்வதுதான் அளவுக்கு மிஞ்சுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வத்திக்கான் பிரதியின் புதிய ஏற்பாட்டில் இப்படிப் படுக்கையாக இரட்டைப் புள்ளி எழுநூறுக்கு மேல் இருக்கிறது. பாடபேதம் உள்ள வரிகளின் பக்கத்தில் இவை பெரும்பாலும் வருகின்றன என்று 1995இல் பெய்ன் கவனித்துச் சொன்னார். அது நல்ல கண்டுபிடிப்பு. இந்த இடத்தில் புள்ளி 33ஆம் வசனம் முடிகிற வரியின் அருகில் இருக்கிறது.

முதல் கேள்வி, யார் வைத்த புள்ளி? 1533இல் செப்பூல்வெதா என்ற ஸ்பானிய அறிஞர் வத்திக்கான் பிரதிக்கும் எராஸ்முஸ் அச்சிட்ட பாடத்துக்கும் வேறுபடுகிற 365 இடங்களைப் பட்டியல் போட்டு எராஸ்முஸுக்கு அனுப்பினார். புள்ளிகள் அந்தக் காலத்து வேலை என்று ஒரு கட்சி. பெய்னும் வத்திக்கான் நூலகத்தில் இருந்த கனார்ட்டும் 2000இல் எழுதியது வேறு: பிரதியின் பெரும்பகுதிக்குப் பிற்காலத்தில் மேலே மை பூசி எழுத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள், ஆனால் சில இடத்துப் புள்ளிகள் பழைய வெளிறிய மை நிறத்திலேயே இருக்கின்றன, ஆகையால் அவை ஆதியில் எழுதிய கையுடையவை என்றார்கள். இது இன்னும் தீரவில்லை.

அடுத்து, புள்ளி 4ஆம் நூற்றாண்டினதாகவே இருக்கட்டும். எந்தப் பாடபேதத்தைச் சுட்டுகிறது? ‘இந்த வசனம் இல்லாத பிரதி உண்டு’ என்றா, ‘இந்த வசனம் வேறு இடத்தில் உள்ள பிரதி உண்டு’ என்றா? இரண்டாவதும் பாடபேதம்தான், அது நம் கையிலும் இருக்கிறது. புள்ளிக்கு அதுவே போதும்.

கோட்டைப் பற்றி: புதிய பத்தி தொடங்குகிற இடத்தில் ஓரத்தில் சின்னக் கோடு போடுவது அந்தக் காலத்து வழக்கம். பெய்ன் 2017இல் எழுதியது, இங்கே உள்ள கோடு சாதாரணப் பத்திக்கோட்டைவிட ஓரத்துக்குள் நீண்டிருக்கிறது, ஆகவே சேர்க்கையைக் காட்டுகிற தனிக்குறி என்று. எதிர்ப்பவர்கள் அளந்து பார்த்து, கோட்டின் நீளம் பல இடத்தில் இப்படி ஏறி இறங்குகிறது என்றார்கள். ‘ஸ்திரீகள்’ என்று பேச்சு மாறுகிற இடத்தில் பத்திக்கோடு விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு சாட்சி உண்டு, புள்ளியைவிட எனக்கு அதுதான் கனமாகப்படுகிறது. ஃபுல்டா நகரில் உள்ள லத்தீன் பிரதி. கபுவாவின் பிஷப் விக்டர் சொல்லி எழுதப்பட்டது. 546, 547இல் அவரே வாசித்துத் திருத்தினார். பத்திக்குள்ளே வசனங்கள் வழக்கமான வரிசையில் இருக்கின்றன. ஆனால் பக்கத்தின் அடியில் 36 முதல் 40 வரை மறுபடி எழுதி, 33 முடிகிற இடத்தில் குறி போட்டிருக்கிறது. பெய்ன் இதை, ‘34 முதல் 40 வரை விட்டுவிட்டு அடியில் உள்ளதை வாசி’ என்று எடுக்கிறார். அப்படியானால் 34, 35 கழிந்துபோகும். மற்றவர்கள், ‘33க்குப் பின் 36 முதல் 40, அதன் பின் 34, 35’ என்று அந்த மூன்று பிரதிகளில் உள்ள மேற்கத்திய வரிசையைத்தான் விக்டர் காட்டுகிறார் என்கிறார்கள். விக்டர் 34, 35ஐ அடிக்கவில்லை, சுரண்டவும் இல்லை. அதனால் இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் இருக்கிறது.

பழைய உபதேசி — ஜூன் 7, காலை 6.40

நான் சொன்ன பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே? எத்தனையோ கன்வென்ஷன்ல கேட்டது இது.

ஏடுபார்ப்பவர் — ஜூன் 7, இரவு 8.20

ஐயா, விட்டது என் தவறு. பாதி சரி, பாதி சரியில்லை.

சரியில்லாதது இருக்கை. கொரிந்துவில் அப்போது கோயில் கட்டடம் கிடையாது, வீடுகளில் கூடினார்கள். காயு என்பவர் வீட்டில் சபை கூடியதை ரோமர் 16:23 சொல்லுகிறது. ஒரு வீட்டு முற்றத்தில் ஆண், பெண் தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்பதற்கு அந்த நிருபத்தில் ஒரு சொல்லும் இல்லை. நம் கோயிலில் பாய் விரித்து இரண்டு பக்கமாக உட்கார்கிற பழக்கத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கேட்க இயல்பாக இருப்பதால் பிரசங்கத்தில் பரவிவிட்டது.

சரியானது, இது ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்குச் சொன்ன விதி என்பது. 35ஆம் வசனம் ‘கற்றுக்கொள்ள விரும்பினால்’ என்கிறது, ஆகவே பேச்சு கேள்வி கேட்பதைப் பற்றியது. ‘தங்கள் புருஷரிடத்தில்’ என்பதால் மனைவிகளைப் பற்றியது. விதவையோ, கன்னியோ, அஞ்ஞானியைக் கட்டினவளோ வீட்டில் யாரிடம் விசாரிப்பாள்? 7ஆம் அதிகாரத்தில் இந்த மூன்று வகைப் பெண்களும் கொரிந்துவில் இருந்தது தெரிகிறது. எல்லாப் பெண்களுக்குமான சட்டம் என்றால் அவர்களை மறந்து எழுதியிருக்கமாட்டார்.

இதே அதிகாரத்தில் ‘பேசாமலிரு’ என்ற அதே கிரேக்கச் சொல் மூன்று தடவை வருகிறது. 28இல் அந்நிய பாஷைக்காரனுக்கு, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால். 30இல் தீர்க்கதரிசிக்கு, மற்றொருவனுக்கு வெளிப்படுத்தப்பட்டால். 34இல் பெண்களுக்கு. முதல் இரண்டும் அந்த நேரத்துக்கு மட்டும் வாயை மூடு என்பது. தீர்க்கதரிசி ஆயுசு முழுக்க மௌனம் என்று யாரும் வாசிப்பதில்லை. மூன்றாவதையும் அப்படி வாசித்தால், சொன்ன தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்கிற வேளையில் (29ஆம் வசனம்) மனைவிமார் புருஷனைச் சபையில் குறுக்குக்கேள்வி கேட்கவேண்டாம் என்பதாக ஆகும். ஆனால் 28இலும் 30இலும் ‘இன்னபோது’ என்று நிபந்தனை வெளிப்படையாக இருக்கிறது. 34இல் அது இல்லை, நாம் 35இலிருந்து எடுத்து வைக்கிறோம்.

ஒரு வெளிச் சான்றும் தருகிறேன். லிவி என்ற ரோமச் சரித்திரக்காரர், பவுலுக்கு இரண்டொரு தலைமுறை முந்தியவர். கி.மு. 195இல் பெண்களின் நகையையும் உடையையும் கட்டுப்படுத்திய சட்டத்தை நீக்கச் சொல்லிப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதை எதிர்த்துக் காட்டோ பேசியதாக லிவி எழுதும் பேச்சில், ‘இதையே உங்கள் சொந்தப் புருஷரிடம் வீட்டில் கேட்டிருக்கக்கூடாதா?’ என்று வருகிறது. 35ஆம் வசனத்தின் அச்சு. கொரிந்து கி.மு. 44இல் ரோமக் குடியேற்றமாக மறுபடி கட்டப்பட்ட ஊர். ‘வீட்டிலே விசாரி’ என்பது மோசேயின் சட்டத்தைவிட ரோமக் கௌரவத்தின் பேச்சு.

வசனக்காவலன் — ஜூன் 7, இரவு 10.30

‘வேதமும் அப்படியே சொல்லுகிறது’ என்று வசனத்திலேயே இருக்கிறதே, ரோமக் கௌரவம் எங்கிருந்து வந்தது? ‘பரிசுத்தவான்களுடைய சபைகளெல்லாவற்றிலேயும் அப்படியே’ என்றும் இருக்கிறது. ஒரு ஊருக்குச் சொன்னது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏடுபார்ப்பவர் — ஜூன் 8, மாலை 5.15

இரண்டும் நியாயமான கேள்வி.

இரண்டாவதுக்கு முதலில். அந்த வாக்கியம் எதோடு சேர்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. ஆதிப் பிரதிகளில் வாக்கியம் பிரிக்கிற குறிகள் ஒழுங்காகக் கிடையாது. சில இங்கிலிஷ் மொழிபெயர்ப்புகள் ‘எல்லாச் சபைகளிலும் உள்ளதுபோல ஸ்திரீகள்...’ என்று கீழே சேர்க்கின்றன. நம் பழைய திருப்புதல் ‘சமாதானத்திற்குத் தேவனாயிருக்கிறார்’ என்பதோடு மேலே சேர்த்து 33லேயே முடித்துவிடுகிறது. இடம் மாற்றிய பிரதிகளும் நம் திருப்புதல் பக்கமே: 34, 35ஐத் தூக்கினபோது ‘சபைகளெல்லாவற்றிலேயும்’ என்ற துண்டை 33ஓடே விட்டுவிட்டார்கள். உங்கள் கையில் உள்ள வேதாகமத்தின்படியே அது பெண்களைப் பற்றின வாக்கியம் அல்ல, அண்ணாச்சி.

‘வேதமும்’ என்பது கடினமான இடம். கிரேக்கத்தில் நியாயப்பிரமாணம் என்ற சொல். 21ஆம் வசனத்திலும் அதே சொல்லால் ஏசாயாவைச் சுட்டுவதால் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு இடத்திலும் ‘வேதம்’ என்று போட்டது நியாயமே. ஆனால் 21இல் வசனத்தை எடுத்துக் காட்டுகிறார். 9:9இல் ‘போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக’ என்று எடுத்துக் காட்டுகிறார். இங்கே ஒன்றும் காட்டவில்லை. தேடினாலும் பெண்கள் கூட்டத்தில் பேசக்கூடாது என்று தோராவில் வசனம் இல்லை. மிரியாம் தீர்க்கதரிசி, தெபொராள் நியாயம் விசாரித்தவள். ஆதியாகமம் 3:16 என்பார்கள். அது புருஷன் ஆளுவான் என்கிறது, வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. பவுல் எழுதும் முறைக்கு இது ஒவ்வவில்லை என்பது செருகல் கட்சியின் வாதங்களில் எனக்கு மிக அழுத்தமாகப் படுவது. உள்ளூர் விதி என்பவர்கள் இந்த வரிக்குத் திருப்தியான பதில் சொல்லவில்லை.

தென்காசித் தம்பி — ஜூன் 8, இரவு 9.00

அப்போ இப்படி இருக்கலாமே: 34, 35 கொரிந்துக்காரர்கள் எழுதிக் கேட்டது. பவுல் அதை எடுத்துச் சொல்லி, 36இல் ‘உங்களிடத்திலிருந்தா புறப்பட்டது?’ என்று அடிக்கிறார். செருகலும் வேண்டாம், முரண்பாடும் வேண்டாம்.

ஏடுபார்ப்பவர் — ஜூன் 9, காலை 7.25

அந்த வாசிப்பும் உண்டு. 36இன் தொடக்கத்தில் கிரேக்கத்தில் ‘அல்லது’ என்கிற சின்னச் சொல் இருக்கிறது. நம் திருப்புதலில் அது விழுந்துவிட்டது. முன் சொன்னதை மறுக்கும்போது பவுல் அதைப் போடுவதுண்டு. ஆனால் சொன்னதை வலியுறுத்தவும் போடுவார், அதனால் அது தனியாக முடிவுசெய்யாது. இந்த நிருபத்தில் அவர் எடுத்துப்பேசுகிற கொரிந்துக்காரர் வாக்கியங்கள், 6:12இல் வரும் ‘எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு’ மாதிரி, குட்டையானவை. உடனே ‘ஆகிலும்’ என்று கொக்கி போடுவார். இரண்டு வசன நீளத்துக்கு, காரணத்தோடு, ஒரு மேற்கோள் வேறெங்கும் இல்லை. தள்ளவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

நாசரேத் அக்கா — ஜூன் 9, மதியம் 2.40

இவ்வளவு எதுக்கு? பாளையங்கோட்டையில 1785லேயே கோயிலைக் கட்டினது கிளாரிந்தா அம்மா. 2013ல தென்னிந்தியத் திருச்சபையில ஒரு பெண் பிஷப்பே ஆயாச்சு, நந்தியாலில. இன்னும் பிரசங்கத்துக்குக் கமிட்டி போட்டுப் பேசணுமா?

சாயர்புரத்தாள் — ஜூன் 9, இரவு 9.30

அக்கா, அது நடந்ததைச் சொல்லுகிறது, வசனத்துக்குப் பதில் ஆகாது. அந்தப் பெரியவர் வசனத்தைத்தான் கேட்பார். எனக்கு இன்னும் ஒன்று: இதைச் செருகல் என்று ஒத்துக்கொண்டால் 1 தீமோத்தேயு 2:12உம் போய்விடுமா? அதை அடுத்ததாக எடுப்பார்.

ஏடுபார்ப்பவர் — ஜூன் 10, இரவு 8.10

போகாது. 1 தீமோத்தேயு 2:12க்கு இடமாற்றமும் இல்லை, ஓரக்குறியும் இல்லை. பிரதிகள் எல்லாம் அதே இடத்தில் ஒத்துப்போகின்றன. அங்கே உள்ள விவாதம் அந்த நிருபத்தை எழுதினது யார், எபேசுவில் என்ன நடந்தது என்பது. இரண்டையும் கலக்கவேண்டாம். ஆனால் ஒரு தொடர்பு உண்டு. இங்கே ‘உத்தரவில்லை’, அங்கே ‘உத்தரவு கொடுக்கிறதில்லை’, கிரேக்கத்திலும் ஒரே வினை. 1 தீமோத்தேயுவை நினைத்தவர் யாரோ கொரிந்தியர் ஓரத்தில் குறித்திருக்கலாம் என்று ஒரு கட்சி; பவுலே இரண்டிலும் ஒரே சொல்லைப் போட்டார் என்று மறு கட்சி.

என் நிலையைக் கேட்டால், ஓரக்குறிப்பாக இருக்கக் கொஞ்சம் அதிக வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். இல்லாத பிரதி ஒன்று கிடைக்கும்வரை அதை ஆராதனையில் உறுதியாகச் சொல்லமாட்டேன். கமிட்டிக்குப் போவதானால் 11:5ஐயும், 28, 30இல் வருகிற மற்ற இரண்டு மௌனங்களையும் கொண்டுபோங்கள். அதற்கு எந்தப் பிரதியும் தேவையில்லை, பெரியவர் கையில் உள்ள புத்தகமே போதும்.

வசனக்காவலன் — ஜூன் 11, காலை 6.00

33ஐத் திருப்புதலில் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் முற்றுப்பெற்றிருக்கிறது. இத்தனை நாள் கீழே சேர்த்தே வாசித்திருக்கிறேன். செருகல் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் ‘அவர்கள் அமர்ந்திருக்கவேண்டும்’ என்பதற்கு என்ன செய்வீர்கள்?

ஏடுபார்ப்பவர் — ஜூன் 11, இரவு 9.05

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ‘அமர்ந்திருக்க’ என்றால் இன்றைக்கு வாசிக்கிறவருக்கு ‘உட்கார்ந்திருக்க’ என்றோ ‘சும்மா இருக்க’ என்றோ கேட்கும். மேடை ஏறக்கூடாது என்பதற்கு இந்தச் சொல்லையே காட்டுகிறவர்கள் உண்டு. கிரேக்கத்தில் இது ‘அடங்கியிரு’ என்கிற வினை. எபேசியர் 5:22இல் இதே வினையைக் ‘கீழ்ப்படியுங்கள்’ என்று மொழிபெயர்த்தார்கள். இரண்டு வசனம் மேலே, 32இல், ‘தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே’ என்பதும் இதே வினைதான். தமிழில் வேறு வேறு சொல்லாகிவிட்டதால் தொடர்பு தெரியாமல்போயிற்று.

32இல் தீர்க்கதரிசியின் ஆவி அடங்குவது அவன் தன்னைத்தானே கட்டுப்படுத்துவது. 34இல் யாருக்கு அடங்கவேண்டும் என்று சொல்லவே இல்லை. புருஷனுக்கா, சபை ஒழுங்குக்கா?

வசனக்காவலன் — ஜூன் 12, காலை 6.10

புருஷனுக்குத்தான். 35இல் வருகிறதே.

சாயர்புரத்தாள் — ஜூன் 12, இரவு 10.00

ஒழுங்குக்கு என்றால் 40ஓடு சேரும். அந்த மூன்று பிரதிகளில் 40 முடிந்ததும் நேராக இதுதானே வருகிறது? அந்த வரிசையில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ‘கிரமமாயும் செய்யப்படக்கடவது’ என்று முடிந்து, உடனே ‘ஸ்திரீகள்’. அப்படி வாசித்தால் ஒழுங்குக்கு என்றுதான் காதில் விழுகிறது.